ஏற்கெனவே அடுக்கிய பட்டியலில் குவிக்சார்ட் ஏன் திணறுகிறது?

குவிக்சார்ட்டை முதன்முதலில் எழுதிப் பார்ப்பவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. தாறுமாறாகக் கலைந்து கிடக்கும் ஒரு லட்சம் எண்களைக் கொடுத்தால் நிரல் சட்டென்று அடுக்கித் தந்துவிடுகிறது. அதே ஒரு லட்சம் எண்களை ஏறுவரிசையில் அடுக்கிக் கொடுத்தால் அதே நிரல் நிமிடக்கணக்கில் ஓடுகிறது, இல்லையென்றால் பாதியிலேயே விழுந்துவிடுகிறது. செய்வதற்கு வேலையே இல்லாத இடத்தில் ஏன் இத்தனை திணறல்?

பிவட்டாக முதல் உறுப்பை எடுத்தால் மோசமான நிலையில் O(n²) ஆகும் என்று பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்த வரி சரிதான், ஆனால் காரணத்தைச் சொல்வதில்லை. காரணம் பிரிப்பு என்ற ஒரே ஒரு செயலுக்குள் இருக்கிறது. ஏழு எண்கள் உள்ள ஒரு பட்டியலை எடுத்து, ஒவ்வொரு ஒப்பீட்டையும் எண்ணிக்கொண்டே போனால் அது தெரிந்துவிடும்.

## பிரிப்பு என்பது என்ன

குவிக்சார்ட் பட்டியலை நேரடியாக அடுக்குவதில்லை. முதலில் ஒரு உறுப்பைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்குப் பெயர் பிவட். பிவட்டைவிடச் சிறியவற்றையெல்லாம் அதன் இடப்பக்கமும் மற்றவற்றை வலப்பக்கமும் தள்ளுகிறது. இந்தத் தள்ளுதல்தான் பிரிப்பு. முடிந்ததும் பிவட் தன் இறுதி இடத்தில் உட்கார்ந்துவிடும், அதை இனி யாரும் அசைக்கப் போவதில்லை. அப்புறம் இடப்பக்கத் துண்டுக்கும் வலப்பக்கத் துண்டுக்கும் தனித்தனியாக இதே வேலை. துண்டில் ஒரு உறுப்போ அதற்குக் குறைவாகவோ இருந்தால் செய்ய எதுவும் இல்லை.

பிரிப்பை எழுதப் பல வழிகள் உண்டு. கையால் தொடர்ந்து பார்க்க எளிதானது, ஒரே திசையில் நடந்து போகும் லொமுட்டோ முறை. பிவட்டாக முதல் உறுப்பை எடுத்துக்கொண்டு பைத்தானில் எழுதினால் இப்படி இருக்கும்:

```python
def partition(a, lo, hi):
    p = a[lo]
    m = lo
    for i in range(lo + 1, hi + 1):
        if a[i] < p:
            m += 1
            a[m], a[i] = a[i], a[m]
    a[lo], a[m] = a[m], a[lo]
    return m

def quicksort(a, lo, hi):
    if lo < hi:
        m = partition(a, lo, hi)
        quicksort(a, lo, m - 1)
        quicksort(a, m + 1, hi)
```

இதில் கவனிக்க வேண்டியது `m` என்ற எல்லைக்குறி. இதுவரை பார்த்தவற்றில் பிவட்டைவிடச் சிறியவை எல்லாம் `lo + 1` முதல் `m` வரை இருக்கின்றன என்பது எந்த நேரத்திலும் உண்மை. `i` ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்துக்கொண்டு முன்னால் போகிறது. சிறிய ஒன்றைக் கண்டால் எல்லையை ஓர் இடம் நகர்த்தி, அந்த உறுப்பை எல்லைக்குள் இழுத்துக்கொள்கிறது. பெரிய ஒன்றைக் கண்டால் ஒன்றும் செய்யாமல் தாண்டிவிடுகிறது.

## ஏழு எண்களில் ஒரு பிரிப்பு

பட்டியல் `5 8 2 9 1 6 3`. இடங்கள் 0 முதல் 6 வரை. பிவட் 5, தொடக்கத்தில் `m = 0`.

1. `i = 1`, அங்கே 8. 5-ஐவிடச் சிறியதா? இல்லை. எதுவும் நகரவில்லை.
2. `i = 2`, அங்கே 2. ஆம். `m` 1 ஆகிறது, 1-ஆம் இடத்தில் உள்ள 8-ம் இந்த 2-ம் இடம் மாறுகின்றன.
3. `i = 3`, அங்கே 9. இல்லை.
4. `i = 4`, அங்கே 1. ஆம். `m` 2 ஆகிறது, 2-ஆம் இடத்துக்குப் போயிருந்த 8-ம் இந்த 1-ம் இடம் மாறுகின்றன.
5. `i = 5`, அங்கே 6. இல்லை.
6. `i = 6`, அங்கே 3. ஆம். `m` 3 ஆகிறது, 3-ஆம் இடத்தில் உள்ள 9-ம் இந்த 3-ம் இடம் மாறுகின்றன.

பட்டியல் மாறிய மூன்று கட்டங்களையும், கடைசியில் பிவட் தன் இடத்துக்குப் போவதையும் வரிசையாக வைத்தால்:

```
5 8 2 9 1 6 3    m = 0
5 2 8 9 1 6 3    m = 1
5 2 1 9 8 6 3    m = 2
5 2 1 3 8 6 9    m = 3
3 2 1 5 8 6 9
```

கடைசி வரி, சுழற்சி முடிந்தபின் நடக்கும் ஒரே இடமாற்றத்தின் விளைவு: 0-ஆம் இடத்தில் காத்திருந்த 5-ம், எல்லையில் இருந்த 3-ம் இடம் மாறிக்கொண்டன. இப்போது 5 நிரந்தரமாக 3-ஆம் இடத்தில். இடப்பக்கம் `3 2 1`, வலப்பக்கம் `8 6 9`. இரு துண்டும் உள்ளுக்குள் இன்னும் கலைந்துதான் இருக்கின்றன. அதைப் பற்றி இந்தப் பிரிப்புக்குக் கவலை இல்லை.

செலவு 6 ஒப்பீடு. ஏழு உறுப்புகளில் பிவட்டைத் தவிர மற்ற ஆறையும் தலா ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பிவட் நல்லதோ கெட்டதோ, இந்த 6 மாறாது. n உறுப்புகள் இருந்தால் ஒரு பிரிப்பின் விலை எப்போதும் n − 1 ஒப்பீடு. இது முக்கியம்: மெதுவாகிப் போவது பிரிப்பு அல்ல.

## மீதித் துண்டுகள்

இடப்பக்கத்தில் `3 2 1`. பிவட் 3. 2-ம் சிறியது, 1-ம் சிறியது. எல்லை கடைசி வரை போய்விடுகிறது, 3-ம் 1-ம் இடம் மாறி `1 2 3` ஆகிறது. 2 ஒப்பீடு. பிவட்டின் இடப்பக்கம் `1 2` மீதி, வலப்பக்கம் காலி. `1 2`-ஐப் பிரிக்க இன்னொரு ஒப்பீடு. ஆக இந்தத் துண்டுக்கு 3.

வலப்பக்கத்தில் `8 6 9`. பிவட் 8. 6 சிறியது, 9 இல்லை. `6 8 9` ஆகிறது, இரு பக்கமும் ஒற்றை உறுப்பு. 2 ஒப்பீட்டில் முடிந்தது.

மொத்தம் 6 + 3 + 2 = 11. ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளில் ஒன்று 3 ஒப்பீடும் மற்றொன்று 2 ஒப்பீடும் எடுத்திருக்கின்றன. வித்தியாசம் ஒன்றுதான் என்றாலும், முழுக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

## 11 எங்கிருந்து வந்தது

ஒப்பீடுகளை இன்னொரு விதமாக எண்ணலாம். ஏழு உறுப்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 7 × 6 ÷ 2 = 21 ஜோடிகள். குவிக்சார்ட் எந்த ஜோடியையும் இரண்டு முறை ஒப்பிடுவதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் ஒரு பக்கம் பிவட் இருக்கிறது, பிரிப்பு முடிந்ததும் அந்த பிவட் ஆட்டத்தைவிட்டு வெளியேறிவிடுகிறது. ஆகவே எவ்வளவு மோசமாக நடந்தாலும் ஏழு உறுப்புகளுக்கு 21-ஐத் தாண்ட முடியாது. நம் பட்டியலுக்கு 11 போதுமானதாக இருந்தது. மீதி 10 ஜோடிகள் ஒப்பிடப்படவே இல்லை. அவை எப்படித் தப்பின?

முதல் பிரிப்பு 3, 2, 1 ஆகியவற்றை ஒரு பக்கமும் 8, 6, 9 ஆகியவற்றை மறுபக்கமும் போட்டது. இனி 2-ஐயும் 9-ஐயும் ஒப்பிட வேண்டிய தேவை எப்போதும் வராது. 2 என்பது 5-ஐவிடச் சிறியது, 9 என்பது 5-ஐவிடப் பெரியது, அவ்வளவு போதும். இப்படி ஒரு பக்கத்து மூன்றும் மறுபக்கத்து மூன்றும் சேர்ந்த 3 × 3 = 9 ஜோடிகள் ஒரே அடியில் கழிந்தன. பிறகு `8 6 9`-ஐப் பிரித்தபோது 6-ம் 9-ம் எதிரெதிர்ப் பக்கம் போயின: 1 × 1 = 1 ஜோடி. `3 2 1`-ஐப் பிரித்தபோது எல்லாம் ஒரே பக்கம் போனதால் 2 × 0 = 0. மொத்தம் 10 ஜோடி மிச்சம். 21 − 10 = 11. கணக்கு ஒத்துப்போகிறது.

இதைப் பொதுவாகச் சொன்னால், ஒரு பிரிப்பால் கிடைக்கும் சேமிப்பு என்பது இடப்பக்க எண்ணிக்கை × வலப்பக்க எண்ணிக்கை. குவிக்சார்ட்டின் வேகம் முழுவதும் இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது. பிரிப்புக்கான விலை மாறாதது, கிடைக்கும் சேமிப்புதான் மாறுகிறது. ஒரு பக்கம் காலியாக இருந்தால் கொடுத்த விலைக்கு எதுவும் திரும்பி வராது.

## வரிசையான பட்டியலைக் கொடுத்தால்

இப்போது அதே ஏழு எண்கள், `1 2 3 5 6 8 9`.

பிவட் 1. அதைவிடச் சிறியது ஏதாவது உண்டா? 2 இல்லை, 3 இல்லை, 5, 6, 8, 9 எதுவும் இல்லை. ஆறு கேள்விகளுக்கும் ஒரே பதில். `m` கடைசி வரை 0-விலேயே நிற்கிறது. இறுதியில் 0-ஆம் இடம் தன்னோடு தானே இடம் மாறிக்கொள்கிறது, அதாவது எதுவும் நடக்கவில்லை. இடப்பக்கம் காலி, வலப்பக்கம் ஆறு உறுப்புகள். சேமிப்பு 0 × 6 = 0.

அடுத்து `2 3 5 6 8 9`. பிவட் 2, மறுபடியும் அதே கதை, 5 ஒப்பீடு, சேமிப்பு 0 × 5. அப்படியே போகிறது:

```
1 | 2 3 5 6 8 9    6
    2 | 3 5 6 8 9    5
        3 | 5 6 8 9    4
            5 | 6 8 9    3
                6 | 8 9    2
                    8 | 9    1
```

மொத்தம் 6 + 5 + 4 + 3 + 2 + 1 = 21. ஒரு ஜோடிகூடத் தப்பவில்லை. உண்மையில் நகர்ந்த உறுப்பும் ஒன்றுகூட இல்லை.

வரிசையான பட்டியலில் முதல் உறுப்பு என்றால் அது மிகச் சிறிய உறுப்பு. அதை எடுத்துவிட்டாலும் மிச்சமிருப்பது வரிசையான பட்டியல்தான், அதன் முதல் உறுப்பும் மிச்சத்தில் மிகச் சிறியது. கலைந்த பட்டியலில் ஒருமுறை கெட்ட பிவட் வந்தாலும் அடுத்த முறை நல்லது வர வாய்ப்பு இருக்கிறது. இங்கே அந்த வாய்ப்பே கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதிலேயே மோசமான தேர்வு உறுதி. ஒருமுறை கெட்டது நடப்பதில் ஆபத்து இல்லை, அது விடாமல் தொடர்வதில்தான் ஆபத்து.

இறங்குவரிசையிலும் இதேதான் முடிவு, ஆனால் நடக்கும் விதம் கொஞ்சம் வேடிக்கையானது. `9 8 6 5 3 2 1` என்று கொடுத்தால் பிவட் 9, மற்ற ஆறும் சிறியவை, கடைசி இடமாற்றத்தில் 9-ம் 1-ம் இடம் மாறி `1 8 6 5 3 2 9` ஆகிறது. அடுத்த துண்டின் முதல் உறுப்பு 1, அது மிகச் சிறியது. அதற்கடுத்த துண்டில் முதலில் நிற்பது 8, அது மிகப் பெரியது. இப்படி மாறி மாறி இரண்டு ஓரங்களிலிருந்தும் கடிக்கிறது. ஒப்பீடு அதே 21.

ஏறக்குறைய வரிசையான பட்டியலும் தப்பாது. நடைமுறையில் அதிகம் வருவதும் இதுதான்: ஏற்கெனவே அடுக்கி வைத்த பட்டியலின் கடைசியில் ஒரு புதிய எண்ணைச் சேர்த்து, திரும்ப அடுக்கச் சொல்வது. `1 2 3 5 6 8 9 4` என்ற எட்டு எண்களில் முதல் மூன்று பிரிப்புகள் 7 + 6 + 5 = 18 ஒப்பீட்டை விழுங்கி எந்தச் சேமிப்பும் தருவதில்லை. அதன்பின் `5 6 8 9 4` மீது 4, `8 9 6` மீது 2. மொத்தம் 24. எட்டு உறுப்புக்கு உச்சவரம்பு 28.

## அளவு பெரிதானால்

ஏழு எண்களில் 11-க்கும் 21-க்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியாது. n உறுப்புகளுக்கு வரிசையான பட்டியலின் கணக்கு n(n − 1) ÷ 2. கலைந்த பட்டியலின் சராசரிக் கணக்கு ஏறக்குறைய 1.39 × n × log₂ n-ஐ நோக்கிப் போகும், சிறிய அளவுகளில் அதைவிடக் கொஞ்சம் குறையும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

- 1000 உறுப்புகள்: கலைந்திருந்தால் சராசரியாக சுமார் 11,000 ஒப்பீடு. வரிசையாக இருந்தால் 4,99,500.
- 1 லட்சம் உறுப்புகள்: கலைந்திருந்தால் சுமார் 20 லட்சம். வரிசையாக இருந்தால் 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம்.

நொடிக்கு ஒரு கோடி ஒப்பீடு செய்யும் நிரல் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது வரி நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் எட்டு நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் பைத்தானில் மேலே உள்ள நிரலை ஓட்டிப் பார்ப்பவர்கள் அந்த எட்டு நிமிடத்தைப் பார்க்கவே மாட்டார்கள். அதற்கு முன்பே `RecursionError` வந்துவிடும். காரணம் ஆழம். `quicksort` தன்னையே அழைக்கும்போது, அந்த உள் அழைப்பு முடியும்வரை வெளி அழைப்பு காத்திருக்கிறது. நம் முதல் பட்டியலில் பாதி பாதியாகப் பிரிந்ததால் காத்திருக்கும் அழைப்புகள் குறைவு. எல்லாப் பிரிப்பும் சரிபாதியாக விழுந்தால் ஒரு லட்சம் உறுப்புக்கு 17 அடுக்கு போதும், சராசரியாகக் கலைந்த பட்டியலில் சில பத்துகள். வரிசையான பட்டியலிலோ ஒவ்வொரு அழைப்பும் ஒரே ஒரு உறுப்பைக் குறைத்துவிட்டு அடுத்ததை அழைக்கிறது. ஆயிரம் உறுப்பு என்றால் ஆயிரம் அடுக்கு. பைத்தான் வழக்கமாக அனுமதிக்கும் வரம்பும் 1000-தான். சி மொழியில் இப்படி ஒரு வரம்பைச் சரிபார்ப்பவர் யாரும் இல்லாததால், பட்டியல் போதிய அளவு பெரிதாக இருந்தால் ஸ்டாக் நிரம்பி நிரல் நேரடியாக விழும்.

வரம்பை `sys.setrecursionlimit` கொண்டு உயர்த்துவது பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை அடக்குவது மட்டுமே. இன்னொரு வழி, சிறிய துண்டை மட்டும் ரிகர்ஷனில் அனுப்பி, பெரிய துண்டை அதே அழைப்புக்குள் ஒரு சுழற்சியாக ஓட்டுவது. இது நல்ல பழக்கம். ஆழம் எந்த நிலையிலும் log₂ n-ஐத் தாண்டாது. ஆனாலும் ஒப்பீடுகளின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும். நிரல் விழாது, எட்டு நிமிடமும் குறையாது.

## நிரல் இந்தக் குழியில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது

நேரத்தை மட்டும் பார்த்து மெதுவாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. எத்தனை மடங்கு வளர்கிறது என்பதுதான் தடயம்.

1. உறுப்புகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி ஓட்டிப் பாருங்கள். வரிசையான பட்டியலில் 1000 உறுப்புக்கு 4,99,500 ஒப்பீடு, 2000 உறுப்புக்கு 19,99,000, நான்கு மடங்கு. கலைந்த பட்டியலில் இதே இரட்டிப்பு சுமார் 11,000-ஐ 24,700 அளவுக்குத்தான் கொண்டுபோகும், இரண்டேகால் மடங்கு.
2. அதே தரவை `random.shuffle` கொண்டு கலைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வேகம் சட்டென்று ஏறினால் குற்றவாளி பிவட் தேர்வுதான். கலைத்தபின்பும் மெதுவாகவே இருந்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். அது கடைசிப் பகுதியில்.
3. `partition` திருப்பித் தரும் `m`-ஐ `lo`, `hi` இரண்டோடும் சேர்த்து அச்சிட்டுப் பாருங்கள். பெரிய துண்டுகளில் `m` தொடர்ந்து `lo`-வுக்குச் சமமாகவோ `hi`-க்குச் சமமாகவோ வந்துகொண்டே இருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை.

## பிவட்டை வேறு இடத்திலிருந்து எடுத்தால்

குவிக்சார்ட்டைக் கண்டுபிடித்த டோனி ஹோர் 1961-இல் வெளியிட்ட மூல வடிவத்தில் பிவட் முதல் உறுப்பு அல்ல. எல்லைக்குள் ஏதோ ஒரு இடத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் அழைப்பு ஒன்று அதில் இருக்கிறது. முதல் உறுப்பை எடுப்பது, கரும்பலகையில் விளக்க வசதியாக இருப்பதால் பாடங்களில் நிலைத்துப்போன சுருக்கம். விளக்குவதற்கு அது சரி. அதையே நகலெடுத்துப் பயன்படுத்துவதுதான் வம்பு.

மாற்றுவதற்கு `partition`-இன் உள்ளடக்கத்தைத் தொட வேண்டியதில்லை. அதன் தொடக்கத்தில், விரும்பிய உறுப்பை முதல் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும்.

நடு உறுப்பு. `1 2 3 5 6 8 9`-இல் நடுவில் உள்ளது 5. அதை முதலிடத்துக்கு மாற்றினால் `5 2 3 1 6 8 9`. 2, 3, 1 மூன்றும் சிறியவை, இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கடைசி இடமாற்றம் 5-ஐயும் 1-ஐயும் மாற்ற, பட்டியல் பழையபடி `1 2 3 5 6 8 9`. சேமிப்பு 3 × 3. பிறகு மூன்று உறுப்புகள் உள்ள இரு துண்டுகளும் சரிபாதியாகப் பிரியும். மொத்தம் 6 + 2 + 2 = 10, ஏழு உறுப்புக்கு குவிக்சார்ட்டால் முடிந்த மிகக் குறைந்த எண்ணிக்கை. வரிசையான பட்டியல் மோசமானதிலிருந்து மிக நல்லதாக மாறிவிட்டது. ஆனால் ஏறி இறங்கும் `1 3 5 7 6 4 2` போன்ற பட்டியலில் நடு உறுப்புதான் மிகப் பெரியது. எந்த நிலையான இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதைக் கெடுக்க ஒரு பட்டியல் இருக்கும். நாம் செய்தது, கெடுக்கும் பட்டியலை அடிக்கடி வராத ஒன்றாக மாற்றியது மட்டுமே.

மூன்றில் நடுவானது. முதல், நடு, கடைசி ஆகிய மூன்று உறுப்புகளையும் ஒப்பிட்டு, மதிப்பில் நடுவில் நிற்பதை எடுப்பது. வரிசையான பட்டியலில் இது நடு உறுப்பையே தரும். கலைந்த பட்டியலிலும் ஓரத்து மதிப்புகளைத் தவிர்ப்பதால் பிரிப்பு சற்றுச் சமமாக விழும். இதையும் கெடுக்க முடியும். டக்ளஸ் மெக்கில்ராய் 1999-இல், ஒப்பீட்டுக் கேள்விகளுக்குப் போகிற போக்கில் பதில் சொல்லிக்கொண்டே, எதிரே உள்ள குவிக்சார்ட்டை இருபடி நேரத்துக்குள் தள்ளும் நிரல் ஒன்றைக் காட்டினார்.

தற்செயல் தேர்வு. இரண்டே வரிகள்தான்:

```python
k = random.randint(lo, hi)
a[lo], a[k] = a[k], a[lo]
```

இதன் பலனைத் தவறாகப் புரிந்துகொள்வது எளிது. மோசமான நிலை ஒழிந்துவிடவில்லை, ஒவ்வொரு முறையும் சிறியதே தேர்வாகும் சாத்தியம் கணக்கில் இன்னும் இருக்கிறது. ஆனால் அது இப்போது தரவைச் சார்ந்ததல்ல, பகடையைச் சார்ந்தது. உறுப்புகள் ஒன்றுக்கொன்று வேறானவை என்றால், எந்த வரிசையில் கொடுத்தாலும் எதிர்பார்க்கும் ஒப்பீடு அதே 1.39 × n × log₂ n அளவுதான். ஒரு லட்சம் முறை தொடர்ந்து ஓரத்து உறுப்பே விழுவது பயப்பட வேண்டிய நிகழ்வல்ல. வரிசையான தரவு வருவதோ தினமும் நடப்பது.

ஆழத்தைக் கண்காணிப்பது. டேவிட் மஸ்ஸர் 1997-இல் முன்வைத்த இன்ட்ரோசார்ட் வேறு கோணத்தில் போகிறது. குவிக்சார்ட்டாகவே தொடங்கி, ரிகர்ஷன் ஆழம் சுமார் 2 × log₂ n-ஐத் தாண்டினால் அந்தத் துண்டை மட்டும் ஹீப்சார்ட்டிடம் கொடுத்துவிடுகிறது. ஒரு லட்சம் உறுப்புக்கு அந்த எல்லை 33-ஐ ஒட்டி வரும். பிவட் தேர்வு எவ்வளவு சொதப்பினாலும் மொத்த நேரம் n log n-க்குள் அடங்கிவிடும். சி++ மொழியின் `std::sort` பெரும்பாலும் இந்த வழியில்தான் எழுதப்படுகிறது. பைத்தானின் `sorted` குவிக்சார்ட்டே அல்ல. அது டிம்சார்ட் வகை, வரிசையான பட்டியலை n − 1 ஒப்பீட்டில் அடையாளம் கண்டு அப்படியே விட்டுவிடும்.

## பிவட் தேர்வால் தீராத ஒன்று

கலைத்துப் பார்த்தும் நிரல் மெதுவாகவே ஓடினால், பட்டியலில் ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். `4 4 4 4 4 4 4` என்று ஏழு நான்குகள் இருந்தால் எந்த இடத்திலிருந்து எடுத்தாலும் பிவட் 4-தான். `a[i] < p` என்ற கேள்விக்கு எல்லா இடத்திலும் 'இல்லை' என்பதே பதில். இடப்பக்கம் காலி, வலப்பக்கம் ஆறு, சேமிப்பு 0 × 6. மறுபடியும் 21 ஒப்பீடு. `<` என்பதை `<=` என்று மாற்றினால் எல்லாம் வலப்பக்கத்துக்குப் பதிலாக இடப்பக்கம் போய்ச் சேரும், கணக்கு மாறாது. ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட ஒரு லட்சம் பதிவுகளை அடுக்கும்போதும் இதுதான் நடக்கும்; தற்செயல் பிவட் இதற்கு எந்த உதவியும் செய்யாது.

இங்கே மாற வேண்டியது பிரிப்பேதான். பட்டியலை இரண்டுக்குப் பதிலாக மூன்றாகப் பிரிக்க வேண்டும்: பிவட்டைவிடச் சிறியவை, பிவட்டுக்குச் சமமானவை, பெரியவை. நடுத் துண்டு முழுவதும் தன் இறுதி இடத்துக்கு வந்துவிட்டதால் அதை மறுபடி தொட வேண்டியதில்லை, ஓரத்துத் துண்டுகள் இரண்டுக்கு மட்டும் ரிகர்ஷன். ஏழு நான்குகளும் ஒரே சுற்றில் நடுத் துண்டுக்குள் போய்விடும், இரு ஓரமும் காலி, வேலை அங்கேயே முடிந்துவிடும். இரண்டே மதிப்புகள் கொண்ட ஒரு லட்சம் பதிவுகளுக்கு அதிகபட்சம் இரண்டு சுற்று. இரு முனைகளிலிருந்தும் உள்ளே நடந்து வரும் ஹோரின் பிரிப்பு முறையில், சமமான உறுப்பைக் கண்டதும் இருபக்கமும் நின்று இடம் மாற்றும்படி எழுதினால், மூன்றாகப் பிரிக்காமலேயே சமமானவை இரு பக்கமும் ஏறத்தாழப் பாதிப்பாதியாகப் பரவிவிடும். சம மதிப்புகளை வீணாக இடம் மாற்றுவதுபோல் அது தோன்றும். பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமாகாமல் காப்பாற்றுவது அந்த இடமாற்றங்கள்தான்.